‘வார்டு மூடப்பட்டுள்ளது’: கதவில் ஒட்டும் அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஞாயிறு மதியம். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருக்கும் அப்பாவைப் பார்க்க, ஒன்றரை மணி நேரம் ரயிலில் பயணம் செய்து ஒரு மகள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார்டு கதவு சாத்தியிருக்கிறது. அதில் ஒரு தாள்: ‘நோய்த்தொற்று காரணமாக வார்டு மூடப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

அவ்வளவுதான். அப்பா உள்ளேதான் இருக்கிறாரா, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களா? அவருக்கும் தொற்றிவிட்டதா? எப்போது பார்க்கலாம்? யாரிடம் கேட்பது? நேற்றும் வந்துவிட்டுப் போனாரே, அவருக்கே தொற்றியிருக்குமா? அந்தத் தாளில் ஒரு கேள்விக்குக்கூட பதில் இல்லை. அடுத்து நடப்பதை யாரும் ஊகித்துவிடலாம். கதவைத் தட்டுவார். திறக்கும் நர்ஸிடம், “ஒரே ஒரு நிமிஷம் சிஸ்டர், பாத்துட்டு வந்துடறேன்” என்பார். அந்த நர்ஸ் இரக்கப்பட்டு உள்ளே விட்டால், மூடியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

தொற்று பரவும்போது வார்டை மூடுவது மருத்துவ முடிவு. ஆனால், அந்த முடிவு வேலை செய்வதும் செய்யாததும் பெரும்பாலும் அதை எப்படி அறிவிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இதற்குச் சரியான உதாரணம், பிரிட்டன் மருத்துவமனைகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சந்திக்கும் நோரோவைரஸ்.

நோரோவைரஸ் என்றால் என்ன?

திடீர் வாந்தி, வயிற்றுப்போக்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் மூன்று நாளில் சரியாகிவிடும். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள நார்வாக் என்ற ஊரில், 1968இல் ஒரு பள்ளியில் பரவிய நோயிலிருந்து இந்த வைரஸுக்குப் பெயர் வந்தது. நமக்குப் பக்கத்திலும் இது வந்திருக்கிறது. 2021இல் கேரளாவின் வயநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு நோரோவைரஸ் உறுதியானது.

ஆரோக்கியமானவருக்கு இரண்டு நாள் அவஸ்தை. ஆனால் 80 வயது நோயாளிக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும், நேற்று வயிற்றில் ஆபரேஷன் முடிந்தவருக்கும் அதே வாந்தியும் நீரிழப்பும் உயிருக்கே ஆபத்தாகலாம். பத்து, இருபது வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே நோய் வர வாய்ப்புண்டு. ஒருவர் வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் தெறித்துப் பக்கத்துப் படுக்கை, மேசை, திரைச்சீலை எல்லாவற்றிலும் படிகின்றன.

அறிவிப்பு எழுதுபவர் மறக்கக்கூடாத எண் ஒன்று உண்டு: தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 12 முதல் 48 மணி நேரம் ஆகும். கட்டுப்பாடுகளில் பாதி இந்த எண்ணிலிருந்துதான் வருகின்றன.

ஒரு வார்டில் நடப்பதைப் பார்ப்போம்

28 படுக்கைகள் கொண்ட ஒரு கற்பனை வார்டு. ஆறு ஆறு படுக்கைகளாக நான்கு தடுப்பறைகள், நான்கு தனி அறைகள்.

திங்கள் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு ‘பி’ தடுப்பறையில் ஒருவர் வாந்தி எடுக்கிறார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறார்கள். காலை 6 மணிக்குள் இன்னும் இருவர். ஒருவர் அதே தடுப்பறை, இன்னொருவர் ‘சி’. 10 மணிக்கு, ஞாயிறு இரவு டூட்டி பார்த்த நர்ஸ் ஒருவர் வீட்டிலிருந்து ஃபோன் செய்கிறார்: “ராத்திரியிலேர்ந்து வாந்தி நிக்கவே இல்ல.”

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். 2 மணிக்கு வாந்தி எடுத்தவரிடமிருந்து 6 மணிக்குள் இன்னொருவருக்குத் தொற்றி, அறிகுறியும் தெரிந்திருக்க முடியாது. குறைந்தது 12 மணி நேரமாவது ஆகுமே. அப்படியென்றால் இந்த நால்வருக்கும் அதற்கு முன்பே, அநேகமாக ஞாயிற்றுக்கிழமையே தொற்றியிருக்கிறது. ஞாயிறும் திங்களும் வார்டுக்கு வந்துபோன உறவினர்களும், வேறு வார்டுக்கு மாற்றப்பட்ட நோயாளிகளும் இப்போது இந்தக் கதையில் இருக்கிறார்கள்.

செவ்வாய் 11 மணிக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டு மருத்துவர், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், வார்டு பொறுப்பு நர்ஸ், படுக்கை ஒதுக்கீட்டு அதிகாரி, துப்புரவு மேற்பார்வையாளர் எல்லோரும் கூடுகிறார்கள். மலப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஆனாலும் காத்திருப்பதில்லை. ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு பேருக்கு ஒரே அறிகுறி வந்தாலே அதைப் பரவலாகக் கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை.

மூவரும் ஒரே தடுப்பறையில் இருந்திருந்தால் அதை மட்டும் மூடினால் போதும். பிரிட்டனில் 2012இல் வெளியான வழிகாட்டுதல்கள், எடுத்த எடுப்பில் முழு வார்டையும் மூடாமல் முடிந்தவரை தடுப்பறை அளவிலேயே கட்டுப்படுத்தச் சொல்கின்றன. இங்கே இரண்டு தடுப்பறைகள், போதாததற்கு ஒரு ஊழியர். அதனால் முழு வார்டும் மூடப்படுகிறது.

‘மூடுவது’ என்றால் என்ன?

குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லால் வருவது. கடை மூடியது என்றால் உள்ளே யாரும் இல்லை. வார்டு மூடியது என்றால் உள்ளே எல்லோரும் இருக்கிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் உண்டு, மருந்து உண்டு, சாப்பாடு உண்டு. நிறுத்தப்படுவது மூன்று விஷயங்கள்தான்: புது நோயாளிகளைச் சேர்ப்பது, உள்ளே இருப்பவர்களை வேறு வார்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ அனுப்புவது, அவசியமில்லாதவர்கள் வந்துபோவது.

அதனால் நல்ல அறிவிப்பு ‘மூடப்பட்டது’ என்று சொன்ன அடுத்த வரியிலேயே ‘நோயாளிகள் உள்ளேயே இருக்கிறார்கள், சிகிச்சை தொடர்கிறது’ என்று சொல்லிவிடும். உறவினரின் முதல் பயம் அதோடு அடங்கும்.

ஊழியர்களுக்கான அறிவிப்பு

ஒரே தாளை ஊழியர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் சேர்த்து ஒட்டினால் இரண்டு பேருக்கும் பயன்படாது. ஊழியருக்கு வேண்டியது, ‘இந்த ஷிப்டில் நான் எதை மாற்றிச் செய்யணும்?’ என்ற கேள்விக்கான பதில். நம் கற்பனை வார்டின் அறிவிப்பைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> வார்டு 7: செவ்வாய் காலை 11.30 முதல் மூடப்பட்டுள்ளது.
> காரணம்: நேற்றிரவு முதல் 3 நோயாளிகளுக்கும் ஒரு ஊழியருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. நோரோவைரஸாக இருக்கலாம் என்று கருதுகிறோம். பரிசோதனை முடிவு வரவில்லை. முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.
> 1. புது அட்மிஷன் இல்லை. காலிப் படுக்கைகளை நிரப்பக் கூடாது.
> 2. வேறு வார்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ மாற்றக் கூடாது. உடல்நிலை தேறியவர்கள் தங்கள் வீட்டுக்குப் போகலாம்.
> 3. அவசர ஸ்கேன், அவசர அறுவை சிகிச்சை எதுவும் தள்ளிப்போகாது. அனுப்பும் முன் அந்தப் பிரிவுக்கு ஃபோன் செய்து சொல்லுங்கள்.
> 4. சோப்பு, தண்ணீரால் கை கழுவுங்கள். ஜெல் மட்டும் போதாது.
> 5. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். கடைசி அறிகுறி நின்று 48 மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வர வேண்டும்.
> 6. இந்த வார்டில் வேலை செய்பவர்கள் அதே ஷிப்டில் வேறு வார்டுக்குப் போகக் கூடாது.
> அடுத்த தகவல்: நாளை காலை 10 மணி. அதற்குள் சந்தேகம் இருந்தால்: தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், எண் ____.

இதில் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்திலேயே ‘இது தொடரும்’ என்ற ஒன்றும் இருக்கிறது. ‘மாற்றக் கூடாது’ என்று மட்டும் எழுதிவிட்டால், மாரடைப்பு வந்தவரைக்கூட அனுப்பலாமா வேண்டாமா என்று யாராவது தயங்குவார்கள். அந்தத் தயக்கம் வைரஸைவிட ஆபத்து.

இந்த அறிவிப்பு டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டுமானதல்ல. ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், சாப்பாடு கொண்டுவருபவர், ரத்தம் எடுப்பவர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் ஒரே நாளில் பத்து வார்டுகளுக்குப் போகிறவர்கள். முடிந்தால் மூடிய வார்டுக்கு அவர்கள் கடைசியாகப் போக வேண்டும். வார்டு மீட்டிங்கில் மட்டும் சொன்னால் இவர்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. அதனால் அவரவர் பிரிவு மேற்பார்வையாளருக்குத் தனித்தனியாக ஃபோன் போக வேண்டும். துப்புரவுப் பணியாளருக்கும் ‘நன்றாகச் சுத்தம் செய்யவும்’ என்று சொன்னால் போதாது. கழிவறை, கைப்பிடி, கட்டில் கம்பி போன்ற பலர் தொடும் இடங்களை வழக்கத்தைவிட அதிக தடவை, லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குளோரின் உள்ள கரைசலால் துடைக்க வேண்டும் என்று அளவோடு எழுத வேண்டும்.

“ஜெல் போட்டாச்சே, அப்புறம் என்ன?”

கோவிட் காலத்தில் எல்லோரும் சானிடைசருக்குப் பழகிவிட்டோம். கொரோனா வைரஸுக்கு வெளியே கொழுப்பாலான உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. வெறும் புரத ஓடுதான். ஆல்கஹால் அதை எளிதில் உடைப்பதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவும்போது வைரஸ் கையிலிருந்து அடித்துச் செல்லப்படுகிறது.

வார்டு வாசலில் நிரந்தரமாக ஒரு ஜெல் பாட்டிலும், ‘உள்ளே வரும் முன் ஜெல் பயன்படுத்தவும்’ என்ற பளிச் போர்டும் இருக்கும். அதன் பக்கத்தில் ‘சோப்பால் கழுவவும்’ என்று புதுத் தாளை ஒட்டினால் மக்கள் எதைச் செய்வார்கள்? பழகியதைத்தான். பழைய போர்டை மறைத்துவிட்டு, கை கழுவும் இடம் எங்கே என்று அம்புக்குறி போடும் வரை புது அறிவிப்பு பாதிதான் போய்ச் சேரும்.

பார்வையாளர்களுக்கான அறிவிப்பு

> வார்டு 7க்கு இப்போது பார்வையாளர்கள் வர வேண்டாம்.
> செவ்வாய், காலை 11.30
> இங்கே சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது. இது எளிதில் தொற்றக்கூடியது. நோயாளிகள் இங்கேயேதான் இருக்கிறார்கள். அவர்களின் சிகிச்சை வழக்கம்போல் தொடர்கிறது.
> ஏன் வரக் கூடாது? கிருமியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். உங்களுக்கே தெரியாமல் உள்ளேயும் கொண்டுவரலாம். பலவீனமான நோயாளிகளுக்கு இது ஆபத்து.
> யார் வரலாம்? கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் குடும்பத்தினர், மறதிநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர். முதலில் ஃபோன் செய்துவிட்டு வாருங்கள்.
> ஞாயிறு அல்லது திங்கள் வந்திருந்தீர்களா? உங்களுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை எந்த மருத்துவமனைக்கும் யாரையும் பார்க்கப் போக வேண்டாம்.
> நலம் விசாரிக்க: குடும்பத்தில் ஒருவர் மட்டும், காலை 11 முதல் 12 வரை அழையுங்கள்: ____. துணிமணியை வரவேற்பறையில் கொடுக்கலாம்.
> அடுத்த தகவல்: நாளை காலை 10 மணி, இதே இடத்தில்.

இதில் ‘யார் வரலாம்’ என்ற பகுதியைத்தான் பல மருத்துவமனைகள் எழுதாமல் விடுகின்றன. எழுதினால் எல்லோரும் விதிவிலக்கு கேட்பார்கள் என்ற பயம். நடப்பது தலைகீழ். எழுதாவிட்டால் விதிவிலக்கை ஒவ்வொரு ஷிப்ட் நர்ஸும் தனக்குத் தோன்றியபடி முடிவு செய்வார். காலையில் ஒருவரின் மகனை விட்டு, மாலையில் இன்னொருவரின் மனைவியைத் திருப்பி அனுப்பினால் சண்டைதான். “அவங்கள மட்டும் எப்படி விட்டீங்க?” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இன்னொன்றை எழுதவே கூடாது. முதலில் யாருக்கு வந்தது, எந்தப் படுக்கையிலிருந்து பரவியது என்பதை. அது அந்த நோயாளியின் அந்தரங்கம். நம் கணக்குப்படியே, முதலில் வாந்தி எடுத்தவர்தான் கொண்டுவந்தார் என்று சொல்லவும் முடியாது.

தாளை எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். வார்டு கதவில் மட்டும் ஒட்டினால், ஒன்றரை மணி நேரம் ரயிலில் வந்த பிறகுதான் அந்த மகளுக்கு விஷயம் தெரியும். குடும்பங்களுக்கு ஃபோன், மருத்துவமனையின் பிரதான வாசல், வெப்சைட், டெலிபோன் ஆபரேட்டரிடம் எழுதிக் கொடுத்த இரண்டு வரிகள் என எல்லாவற்றிலும் ஒரே தகவல், ஒரே நேரத்தில் போக வேண்டும்.

நம் ஊர் மருத்துவமனைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நோயாளியோடு இரவும் பகலும் தங்கும் அட்டெண்டர். அவர் பார்வையாளரா, பராமரிப்பவரா? நோயாளியைக் குளிக்க வைப்பது, கழிவறைக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர்தான் என்றால், ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்ற வரி அவரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. இருக்கலாம் என்றால், ஒரே ஆள், மாறி மாறி வரக் கூடாது, மற்ற படுக்கைகளுக்குப் போய்ப் பேசக் கூடாது, சாப்பாட்டைப் பகிரக் கூடாது என்று அவருக்கென்று தனி வரிகள் வேண்டும்.

“மூடியும் கூடிக்கிட்டே போகுதே?”

நம் வார்டுக்குத் திரும்புவோம். புதன்கிழமை இன்னும் நான்கு நோயாளிகளுக்கு வாந்தி. வியாழன் காலை இருவருக்கு. ஊழியர்கள் சோர்ந்துபோகிறார்கள். “மூடி என்ன பிரயோஜனம்?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

12 முதல் 48 மணி நேரம் என்ற அந்த எண்ணை நினைவில் வைத்திருந்தால் இது புரியும். செவ்வாய் 11.30க்கு மூடினால், வியாழன் 11.30 வரை வரும் நோயாளிகளில் பலருக்கு மூடுவதற்கு முன்பே தொற்றியிருக்கும். அதனால் முதல் அறிவிப்பிலேயே, ‘அடுத்த இரண்டு நாளில் இன்னும் சிலருக்கு வரலாம், எதிர்பார்த்ததுதான்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

கவலைப்பட வேண்டியது வெள்ளிக்கிழமையைப் பற்றி. அதுவரை யாருக்கும் வராத ‘டி’ தடுப்பறையில் அன்று ஒருவருக்கு வந்தால், மூடிய பிறகும் வைரஸ் அறை தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். யார் கை, எந்தப் பொருள்? ரத்த அழுத்தக் கருவி ஒரே ஒன்றை எல்லா அறைக்கும் எடுத்துப்போகிறார்களா? கழிவறை பொதுவா? அறிகுறியை மறைத்துக்கொண்டு யாராவது வேலைக்கு வந்தார்களா? கடைசிக் கேள்வி தற்காலிக ஊழியர்களிடம் அதிகம் எழும். வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்ற நிலையில் ‘வீட்டுக்குப் போங்கள்’ என்று தாளில் எழுதினால் மட்டும் யாரும் போக மாட்டார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் அறிவிப்பு சொல்ல வேண்டும்.

எப்போது திறப்பது?

கடைசி நோயாளியின் வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 72 மணி நேரம் புதிதாக யாருக்கும் வராமல் இருந்து, பிறகு முழுச் சுத்திகரிப்பும் முடிந்தால் திறக்கலாம் என்பது பல மருத்துவமனைகள் பின்பற்றும் அளவுகோல். நம் வார்டில் கடைசி அறிகுறி வெள்ளி மாலை 6 மணிக்கு நின்றது என்றால், திங்கள் மாலை 6 வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு திரைச்சீலைகளைக் கழற்றி மாற்றி, எல்லாப் பரப்புகளையும் குளோரின் கரைசலால் துடைத்து, செவ்வாய் காலை திறக்கலாம். மொத்தம் ஒரு வாரம்.

இடையில் சனிக்கிழமை இரவு அவசரப் பிரிவில் இடமில்லை, ஸ்ட்ரெச்சரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். வார்டு 7இல் மூன்று படுக்கை காலி. “ஒரே ஒருத்தர மட்டும் அனுப்பறோம்” என்று ஃபோன் வரும். அது நியாயமான நெருக்கடிதான். ஆனால் அப்படி வந்தவருக்குத் திங்கள் காலை வாந்தி ஆரம்பித்து புதன் காலை நின்றால், 72 மணி நேரக் கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும். திறப்பு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஒரு படுக்கையை நிரப்பப்போய் எல்லாக் காலிப் படுக்கைகளையும் இன்னும் நான்கு நாள் இழக்க வேண்டியிருக்கும். ஊழியர் அறிவிப்பில் ‘காலிப் படுக்கைகளை நிரப்பக் கூடாது’ என்ற வரி முதல் இடத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். மீறியே ஆக வேண்டிய நிலை வந்தால், அதை யார் முடிவு செய்யலாம் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். நடு இரவில் தனியாக டூட்டி பார்க்கும் ஜூனியர் நர்ஸின் தலையில் அது விழக் கூடாது.

திறக்கும் நாளில் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. ஒட்டிய தாள்கள் அத்தனையையும் கிழிப்பது. போன குளிர்காலத்துத் தாள் தேதி இல்லாமல் இன்னும் கதவில் தொங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை நிஜமாகவே வார்டை மூடும்போது அந்த மகள் அதைப் படிக்காமலேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.